மெயில் சப்ஜெக்ட்டில் முதலில் வேலை, அடுத்து கெடு, அப்புறம்தான் விஷயம்

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் ஆண்டறிக்கையை அச்சுக்கு அனுப்பும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஜூன் 20, வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு ஃபைல் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். திங்கட்கிழமையே ஆறு பேருக்கு ஒரு மெயில் அனுப்பினேன். சப்ஜெக்ட் வரியில் ‘ஆண்டறிக்கை – இறுதி வடிவம்’ என்று போட்டிருந்தேன். மெயிலின் நான்காவது பத்தியில், பக்கம் 14-இல் இருக்கும் வரவு செலவுக் கணக்கை நிதிப் பிரிவுத் தலைவர் ஒருமுறை சரிபார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று எழுதியிருந்தேன். ஐந்தாவது பத்தியில், இன்னொருவர் இரண்டு படங்கள் அனுப்ப வேண்டும் என்று இருந்தது.

புதன்கிழமை மாலை வரை வந்த பதில்கள் இரண்டு. ஒன்று ‘அருமை’, இன்னொன்று ‘நன்றி’. நிதிப் பிரிவுத் தலைவரை நேரில் பார்த்துக் கேட்டபோது அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “இறுதி வடிவம்னு போட்டிருந்தீங்களே, எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு நினைச்சேன். வாரக் கடைசியில நிதானமாப் படிக்கலாம்னு வச்சிருந்தேன்” என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். நான் எழுதிய சப்ஜெக்ட் அவரிடம் சொன்னது அதைத்தான்: வேலை முடிந்துவிட்டது, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

இந்த ஒரு மெயிலை வைத்தே மீதியைச் சொல்லிவிடலாம்.

மெயிலைத் திறக்கலாமா, எப்போது திறக்கலாம் என்று ஒருவர் முடிவெடுக்கும் நேரத்தில் அவர் கண்முன் இருப்பது மூன்றே மூன்று: அனுப்பியவர் பெயர், சப்ஜெக்ட், உள்ளே இருக்கும் முதல் சில சொற்கள். நீங்கள் உள்ளே எவ்வளவு தெளிவாக எழுதியிருந்தாலும் அந்த முடிவு எடுக்கப்படும்போது அது அவருக்குத் தெரியாது. அதனால் உங்கள் மெயில் ஒரு வேலையைக் கேட்கிறது என்றால், என்ன வேலை, எப்போதுக்குள் என்ற இரண்டும் சப்ஜெக்ட்டிலேயே இருக்க வேண்டும்.

நமக்கு இது ஏன் இயல்பாக வருவதில்லை என்றால், பள்ளியில் கடிதம் எழுதப் பழகும்போது ‘பொருள்:’ என்று போட்டு, அதற்கு எதிரே ‘தொடர்பாக’ அல்லது ‘குறித்து’ என்று முடிக்கக் கற்றுக்கொண்டோம். அந்தப் பழக்கம் அப்படியே மெயிலுக்கும் வந்துவிட்டது. ‘ஒப்பந்தம் தொடர்பாக’, ‘கூட்டம் குறித்து’, ‘பட்டியல் சார்பாக’. இவை எல்லாம் மெயில் எதைப் பற்றியது என்று மட்டும் சொல்கின்றன, படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை. ஆனால் அதே பழைய கடித மரபில் ஒரு நல்ல விஷயமும் இருந்தது. ‘விடுப்பு வேண்டுதல்’, ‘விவரம் கோருதல்’ என்று எழுதுவார்கள், இல்லையா? அந்த வேண்டுதலும் கோருதலும்தான் செயல். அதை வைத்துக்கொண்டு ‘தொடர்பாக’வை விட்டுவிட்டாலே பாதி சரியாகிவிடும்.

சரி, அப்படியானால் என் மெயிலுக்கு இப்படி எழுதியிருக்கலாமே என்று தோன்றும்:

ஆண்டறிக்கையின் 14-ஆம் பக்கத்தில் உள்ள வரவு செலவுக் கணக்கைச் சரிபார்த்து புதன்கிழமைக்குள் ஒப்புதல் அளிக்கவும்

இதில் எல்லாமே இருக்கிறது. வேலை இருக்கிறது, கெடு இருக்கிறது, விஷயமும் இருக்கிறது, தமிழும் சரியாக இருக்கிறது. ஆனால் இதைப் போனில் பார்த்தால் தெரிவது இவ்வளவுதான்:

ஆண்டறிக்கையின் 14-ஆம் பக்கத்தில் உள்ள…

தமிழில் எழுதுபவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. நம் மொழியில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. ‘அளிக்கவும்’, ‘அனுப்பவும்’, ‘சொல்லவும்’ எல்லாம் வரியின் வால்பகுதியில் நிற்கும். சப்ஜெக்ட் வரியோ வால்பகுதியில்தான் வெட்டப்படுகிறது. கணினித் திரையில் ஓரளவு நீளமாகத் தெரியும் வரி, போனில் ஏறத்தாழ முப்பது நாற்பது எழுத்தில் நின்றுவிடும். அதுவும் தமிழ் எழுத்துகள் அகலமானவை, சொற்களும் உருபுகள் ஒட்டி நீண்டவை, ஆக நான்கைந்து சொற்கள் தெரிந்தாலே அதிகம். போனுக்குப் போன், ஆப்புக்கு ஆப் இது மாறும், அதனால் எண்ணிக் கணக்குப் பார்த்து எழுத வேண்டாம். முதல் நான்கைந்து சொற்களைத் தவிர மற்றது தெரியாமல் போகலாம் என்று வைத்துக்கொண்டு எழுதுவதே பாதுகாப்பு. முழு வாக்கியமாக இலக்கணப்படி எழுதினால் நம் வேலைச் சொல் எப்போதும் அந்த வெட்டுக்கு அப்பால்தான் விழும்.

இதற்கு வழி, சப்ஜெக்ட்டை வாக்கியமாக எழுதாமல் இருப்பதுதான். வினையைப் பெயராக்கி முன்னால் கொண்டுவந்துவிடுங்கள். ‘ஒப்புதல் அளிக்கவும்’ என்பது ‘ஒப்புதல் தேவை’ ஆகட்டும். அதை வரியின் தலையில் வைத்து, அடுத்து கெடுவை வைத்து, மிச்சமிருக்கும் இடத்தில் விஷயத்தைச் சொல்லுங்கள்:

ஒப்புதல் தேவை – புதன் ஜூன் 18, பிற்பகல் 3-க்குள் – ஆண்டறிக்கை பக். 14 கணக்கு

இதையும் போன் வெட்டத்தான் செய்யும். ஆனால் ‘ஒப்புதல் தேவை – புதன் ஜூன் 18…’ என்பது வரை தெரிந்துவிட்டால், தன்னிடம் ஒன்று கேட்கப்படுகிறது, அதற்கு நாள் குறித்திருக்கிறது என்ற இரண்டும் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. எது பற்றி என்பது வெட்டுப்பட்டால் பெரிய நஷ்டமில்லை, அனுப்பியவர் பெயர் பக்கத்திலேயே இருக்கிறது, அதைப் பார்த்தே பாதி ஊகித்துவிடுவார்.

‘தேவை’ என்ற சொல்லில் இன்னொரு வசதியும் உண்டு. மேலதிகாரிக்கோ வெளியாளுக்கோ எழுதும்போது ‘அனுப்பவும்’, ‘முடிக்கவும்’ என்று தலையில் வைத்தால் உத்தரவு போடுவது மாதிரி இருக்கும். ‘தாழ்மையுடன் வேண்டுகிறேன்’ என்று போட்டால் அதிலேயே இடம் போய்விடும். ‘உங்கள் முடிவு தேவை’, ‘கையெழுத்து தேவை’ என்பது யாருக்கும் எழுதக்கூடிய, மரியாதை குறையாத வடிவம். பணிவு காட்ட வேண்டுமானால் அதற்கு மெயிலின் உள்ளே நிறைய இடம் இருக்கிறது.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு நாற்பது விஷயங்களுக்கு ஒப்புதல் தரும் ஒருவருக்கு எழுதினால், அவருடைய இன்பாக்ஸ் முழுக்க ‘ஒப்புதல் தேவை’ என்றே வரிசையாக நிற்கும், அந்தச் சொல் எதையும் பிரித்துக் காட்டாது. அவருக்கு விஷயத்தை இரண்டாவதாகவும் கெடுவை மூன்றாவதாகவும் வைக்கலாம், விஷயத்தை இரண்டு மூன்று சொல்லுக்குள் சுருக்கி: ‘ஒப்புதல்: ஆண்டறிக்கை பக். 14 – புதன் பிற்பகல் 3’.

வேலைச் சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் தொடக்கத்தில் எல்லோரும் தடுமாறுகிறார்கள். அதிலும் ‘பார்க்கவும்’ என்ற சொல் செய்கிற கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. ‘இணைப்பைப் பார்க்கவும்’ என்று வருகிறது. பார்த்தாயிற்று. அப்புறம்? பிழை இருந்தால் திருத்த வேண்டுமா, பிடித்திருக்கிறதா என்று சொல்ல வேண்டுமா, சரி என்று ஒப்புதல் தர வேண்டுமா, அல்லது சும்மா தெரிந்துகொண்டால் போதுமா? இந்த நான்கும் நான்கு வேறு வேலைகள், நான்குக்கும் ஆகும் நேரம் வேறு, பொறுப்பும் வேறு. ஒப்புதல் தந்தவர், நாளை அந்தக் கணக்கில் பிழை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர். கருத்துச் சொன்னவருக்கு அந்தப் பொறுப்பு இல்லை. ‘பார்த்துச் சொல்லுங்கள்’ என்று எழுதி, அவர் ‘நல்லா இருக்கு’ என்று பதில் போட்டு, அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு அச்சுக்கு அனுப்பி, பிறகு இரண்டு பக்கமும் மனக்கசப்பாவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே உங்களுக்கு எது வேண்டும் என்பதை நீங்களே முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். சரி என்று சொல்லும் அதிகாரம் உள்ளவரிடம் கேட்பது ஒப்புதல். இரண்டு மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது முடிவு. இன்னும் மாற்ற இடமிருக்கும்போது கேட்பது கருத்து. உங்களிடம் இல்லாத ஒன்றை அவரிடமிருந்து வாங்குவது விவரம், படம், எண் என்று அந்தப் பொருளின் பெயராலேயே சொல்லப்பட வேண்டும். முடிவு கேட்கும்போது தேர்வுகளையே சப்ஜெக்ட்டில் போட முடிந்தால் போட்டுவிடுங்கள்: ‘முடிவு தேவை – செவ்வாய் ஜூன் 17 மாலை 5-க்குள் – அட்டை நீலமா, பச்சையா?’ இப்படி வந்தால் பலர் நடந்துகொண்டே ‘பச்சை’ என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பிவிடுவார்கள்.

எதுவுமே செய்ய வேண்டாம் என்றால் அதையும் சொல்லுங்கள். ‘தகவலுக்கு மட்டும்’ என்று தொடங்கும் ஒரு மெயில் படிப்பவருக்குச் செய்யும் உதவி பெரியது. அதோடு, நீங்கள் எப்போதும் இப்படிப் பிரித்து எழுதுகிறீர்கள் என்று தெரிந்துவிட்டால், உங்கள் பெயரில் ‘தேவை’ என்று வரும் மெயிலை அவர் தள்ளிப்போட மாட்டார். ஆனால் ‘தகவலுக்கு மட்டும்’ என்று போட்டுவிட்டு உள்ளே கடைசி வரியில் ‘வெள்ளிக்குள் உங்கள் கருத்தையும் சொல்லிவிடுங்கள்’ என்று எழுதினீர்களானால் அந்த நம்பிக்கை ஒரே நாளில் போய்விடும்.

இனி கெடு. ‘நாளைக்குள்’ என்று சப்ஜெக்ட்டில் எழுதாதீர்கள். நீங்கள் திங்கட்கிழமை இரவு எழுதுகிறீர்கள், உங்கள் மனதில் நாளை என்பது செவ்வாய். அவர் செவ்வாய் காலை திறக்கிறார், அவருக்கு நாளை என்பது புதன். ‘இன்று’, ‘நாளை’, ‘அடுத்த வாரம்’, ‘இந்த வாரக் கடைசி’ என்று எழுதும் நேரத்தை ஒட்டி நிற்கும் எல்லாச் சொற்களுக்கும் இதே கதிதான், மெயில் என்பது எப்போது படிக்கப்படும் என்று நமக்குத் தெரியாத ஒன்று. ‘வரும் வெள்ளி’யும் ‘அடுத்த வெள்ளி’யும் ஒரே நாளா என்று ஒரு அறையில் இருக்கும் நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள், ஒத்துவராது.

‘வெள்ளிக்குள்’ என்பதிலும் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. வெள்ளியும் சேர்ந்ததா, அல்லது வெள்ளி விடிவதற்குள் முடிந்திருக்க வேண்டுமா? கேட்டவர் வெள்ளி காலை கையில் இருக்கும் என்று நினைக்கிறார், தருபவர் வெள்ளி இரவு வரை நேரம் இருக்கிறது என்று நினைக்கிறார், இருவருமே தமிழைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள். மணியைப் போட்டுவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை: ‘வெள்ளி ஜூன் 20, காலை 10-க்குள்’. மணி போடும்போது ‘இரவு 12’ மட்டும் வேண்டாம். வெள்ளி இரவு 12 என்பது வெள்ளி தொடங்கும் இடமா முடியும் இடமா என்று யோசிக்க வைக்கும். ‘இரவு 11’ என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

கிழமையையும் தேதியையும் ஏன் இரண்டுமே எழுதச் சொல்கிறேன் என்றால், ஒன்று மற்றொன்றைச் சரிபார்க்கும். நீங்கள் கைதவறி ‘புதன் ஜூன் 19’ என்று எழுதிவிட்டால், 19 வியாழன் ஆயிற்றே என்று அவர் கேட்பார். வெறும் 19 என்று மட்டும் இருந்தால் அந்தப் பிழை யாருக்கும் தெரியாமல் ஓடிவிடும். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 03/04 என்பது சிலருக்கு ஏப்ரல் 3, சிலருக்கு மார்ச் 4. வேறு நாட்டில் இருப்பவர்களும் அந்த மெயிலைப் படிக்கப்போகிறார்கள் என்றால் யாருடைய மணி என்பதையும் சேர்க்க வேண்டும், ‘உங்கள் நேரம் மாலை 4’ என்று அவர்கள் பக்கத்துக் கணக்கில் சொல்வது இன்னும் நல்லது.

எந்தக் கெடுவைப் போடுவது? என் விஷயத்தில் ஃபைல் வெள்ளி காலை 10 மணிக்குப் போக வேண்டும். ஆனால் கணக்கில் ஒரு எண் மாறினாலும் பக்கத்தைத் திரும்ப வடிவமைக்க, அதை இன்னொருவர் படித்துப் பார்க்க, ஒரு முழு நாள் வேண்டும், அது வியாழன். ஆக ஒப்புதல் புதனன்று வந்தாக வேண்டும். அலுவலக நேரம் மாலை 5-க்கு முடிகிறது என்றால், மேலே திருத்தி எழுதிய வரியில் கெடுவை 5 என்று வைக்காமல் 3 என்று வைத்தேன். 3 மணிக்கு வரவில்லை என்றால் போன் செய்து பேச, அவர் பார்க்க, இரண்டு மணி நேரமாவது கையில் இருக்கும். இப்படிப் பின்னாலிருந்து எண்ணி வருவதுதான் முறை.

ஆனால் பயத்தில் பொய்க் கெடு வைக்காதீர்கள். புதன் போதும் என்னும்போது ‘திங்கள்’ என்று போட்டு, திங்கள் வராதபோது ஒன்றும் ஆகவில்லை என்று அவர் ஒருமுறை கண்டுகொண்டால், அடுத்த முறை உங்கள் எந்தத் தேதியையும் அவர் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார். ஏன் அந்த நேரம் என்பதை மெயிலின் முதல் வரியில் சொல்லிவிடுங்கள். ‘வெள்ளி காலை அச்சகத்துக்குப் போகிறது, திருத்த ஒரு நாள் தேவை’ என்ற ஒரு வரி போதும். முக்கியமாக, மேலே இருப்பவருக்குக் கெடு சொல்லும்போது இது கைகொடுக்கும், நீங்கள் அவருக்கு நேரம் குறிப்பது மாதிரி இருக்காது, அச்சகத்தின் நேரத்தை அவருக்குச் சொல்வது மாதிரி இருக்கும்.

என் பழைய மெயிலில் இன்னொரு தப்பும் இருந்தது, அதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் மூலம் என்று இப்போது தோன்றுகிறது. அதில் மூன்று மெயில்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. ஒருவரிடம் ஒப்புதல், ஒருவரிடம் படம், மீதி நான்கு பேருக்கு வெறும் செய்தி. இதற்கு நேர்மையான ஒரு சப்ஜெக்ட் எழுதவே முடியாது. சப்ஜெக்ட் எழுத உட்கார்ந்து வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான், உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட வேலை, ஒன்றுக்கு மேற்பட்ட ஆள் இருக்கிறார்கள். அதைப் பிரித்திருந்தால் இப்படி ஆகியிருக்கும். நிதிப் பிரிவுத் தலைவருக்கு மேலே சொன்ன வரி. படம் தர வேண்டியவருக்கு:

2 படங்கள் தேவை – செவ்வாய் ஜூன் 17, மாலை 5-க்குள் – ஆண்டறிக்கை பக். 6, 9

மீதிப் பேருக்கு:

தகவலுக்கு மட்டும் – ஆண்டறிக்கை ஜூன் 20 வெள்ளி அச்சுக்குப் போகிறது

மூன்று மெயில் எழுதுவது கூடுதல் வேலை போலத் தோன்றும், ஆனால் ஒவ்வொன்றும் மூன்று நான்கு வரிதான்.

ஒரே மெயிலைப் பலருக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும், அதில் ஒருவர் மட்டும்தான் செய்ய வேண்டும் என்றால், யார் என்பதை வரியின் தலையில் போடுங்கள்: ‘நிதிப் பிரிவு: ஒப்புதல் தேவை – புதன் ஜூன் 18…’. ஆறு பேர் பெயர் இருக்கும் மெயிலில் யாருடைய பெயரும் சொல்லப்படவில்லை என்றால், ஒவ்வொருவரும் மற்ற ஐந்து பேரில் ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது இயல்பு.

‘பதில் வராவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்கிறேன்’ என்ற வழியைப் பற்றிக் கேட்பார்கள். சின்ன விஷயங்களுக்கு அது நல்ல வழிதான். ‘புதன் ஜூன் 18 பிற்பகல் 3 வரை மாற்றம் சொல்லாவிட்டால் பச்சை அட்டை’ என்று சப்ஜெக்ட்டிலேயே போட்டுவிடலாம். ஆனால் கணக்குக்கு, கையெழுத்துக்கு, ஒருவருடைய படத்தை அச்சில் போட அனுமதிக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. அவர் விடுமுறையில் இருந்திருக்கலாம், மெயில் ஸ்பாம் ஃபோல்டருக்குள் போயிருக்கலாம், அவருடைய மௌனம் சம்மதம் ஆகாது.

இனி பதில்கள் ஓடத் தொடங்கிய பிறகு நடப்பது. பதில் எழுதும்போது சப்ஜெக்ட் தானாகவே பழையபடி நிற்கும், முன்னால் `Re:` மட்டும் சேரும். (அது ‘ரிப்ளை’யின் சுருக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ‘இந்த விஷயத்தில்’ என்று பொருள்படும் ‘இன் ரே’ என்ற லத்தீன் தொடரிலிருந்து வந்தது அது.) இதில் என்ன ஆபத்து என்றால், கெடு வியாழனுக்குத் தள்ளிப்போன பிறகும் எல்லார் இன்பாக்ஸிலும் ‘புதன் ஜூன் 18’ என்றே நிற்கும். ஒப்புதல் வந்து இரண்டு நாள் ஆன பிறகும் ‘ஒப்புதல் தேவை’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். சப்ஜெக்ட்டில் கெடு எழுதுகிறவர்கள் அதைப் பழசாக விடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

ஆனால் சப்ஜெக்ட்டை மாற்றினால் ஜிமெயிலில் அது புதிய உரையாடலாகப் பிரிந்துவிடும், பழைய பதில்கள் அதனோடு வராது. கணினியில் ஜிமெயிலில் பதில் எழுதும்போது, பெறுநர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அம்புக்குறியைத் தட்டினால் `Edit subject` என்று இருக்கும். ஆனால் உரையாடல் பிரிந்துவிடும் என்பதால் சின்னச் சின்னப் பேச்சுக்கு மாற்ற வேண்டாம். மூன்று நேரங்களில் மாற்றுங்கள்: கெடு மாறும்போது, கேட்கும் வேலை மாறும்போது, முடிந்துபோகும்போது. மாற்றும்போது பழைய மெயிலின் தேவையான பகுதி கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ‘கெடு மாற்றம் – புதனுக்குப் பதில் வியாழன் ஜூன் 19, காலை 11 – ஆண்டறிக்கை பக். 14’ என்று எழுதினால் முந்தையதும் புதியதும் இரண்டும் தெரிகின்றன, எது செல்லும் என்ற சந்தேகம் வராது.

நினைவூட்டலுக்கு ‘நினைவூட்டல்’ என்று மட்டும் தலையில் போட்டால் அந்த ஒரு சொல்லே போனில் கணிசமான இடத்தை எடுத்துக்கொள்ளும். ‘இன்னும் 2 மணி நேரம்’ என்பதும் ‘நாளை’ போலவே படிக்கும் நேரத்தில் பொய்யாகிவிடும். பழைய வரியையே வைத்து முன்னால் ‘மீண்டும்:’ என்று சேர்த்தால் போதும். கெடுவுக்கு இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் மெயிலை விட்டுவிட்டுப் போனை எடுங்கள்.

‘அவசரம்’ என்ற சொல்லைப் பற்றி. அது உங்கள் பதற்றத்தைச் சொல்கிறதே தவிர நேரத்தைச் சொல்வதில்லை. அதைவிட மோசம், ‘அவசரம்! உடனடி நடவடிக்கை தேவை’ என்பது ஏமாற்று மெயில்கள் வழக்கமாகப் போடும் சப்ஜெக்ட். வங்கிக் கணக்கு முடக்கப்படும், பாஸ்வேர்டு காலாவதியாகும் என்று பயமுறுத்தி லிங்க்கைத் தட்ட வைக்கிற மெயில்கள் அப்படித்தான் தொடங்கும், அவற்றை எடுத்ததும் தட்டக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லித்தரப்படுகிறது. உங்களைத் தெரியாத ஒருவருக்கு நீங்களும் அப்படி எழுதினால் அவர் திறக்காமல் விடுவதுதான் சரியான செயல். ‘ஆண்டறிக்கை பக். 14’ என்று உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு குறிப்பான பெயர் வரியில் இருந்தால் ஓரளவு நம்பிக்கை வரும். முதல்முறை எழுதுகிறீர்கள் என்றால் அதோடு உங்கள் அமைப்பின் பெயரையும் சேருங்கள்.

சப்ஜெக்ட்டில் எழுதக் கூடாதவையும் உண்டு. பூட்டிய போனின் திரையில்கூட அந்த வரி தெரியலாம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் படிக்கலாம். மெயிலைக் குறியாக்கம் செய்து அனுப்பும் முறைகள் பலவற்றில்கூட உள்ளே இருப்பது மட்டும்தான் மறைக்கப்படுகிறது, சப்ஜெக்ட் வெளியே அப்படியே தெரியும்படி போகிறது. ஆகவே ஒருவரின் சம்பளம், உடல்நிலை, அவர் மேல் உள்ள புகார் இவற்றை வேலைக்காகக்கூட அங்கே எழுதாதீர்கள். ‘கையெழுத்து தேவை – வியாழன் ஜூன் 19, காலை 11-க்குள் – நேற்று பேசிய கடிதம்’ என்று எழுதினால் அவருக்குப் புரியும், மற்றவருக்குப் புரியாது. இந்த ஒரு இடத்தில் மட்டும் ‘நேற்று’ இருந்துவிட்டுப் போகட்டும்.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம், ஆரம்பத்தில் நான் எல்லா முக்கிய மெயிலுக்கும் செய்தேன். அதை முதலில் உங்களுக்கே அனுப்பி, போனைப் பூட்டி வைத்து, அறிவிப்பு வரும்போது திரையில் எத்தனை சொல் தெரிகிறது என்று பாருங்கள். அந்தச் சொற்களை மட்டும் வைத்து, மெயிலைத் திறக்காமல், ‘நான் என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள்’ என்ற இரண்டுக்கும் பதில் சொல்ல முடிகிறதா? கெடுவின் மணி வெட்டுப்பட்டால் பரவாயில்லை, தேதி வெட்டுப்படுகிறது என்றால் அதை முன்னால் நகர்த்துங்கள்.

அடுத்த வருட ஆண்டறிக்கைக்கு இப்படிப் பிரித்து எழுதினேன். நிதிப் பிரிவுத் தலைவரிடமிருந்து அன்று மதியமே பதில் வந்தது, மூன்றாவது வரிசையில் ஒரு எண் தவறு என்று. திருத்தி, மறுபடி ஒப்புதல் வாங்கி, அச்சகத்துக்கு அனுப்பிய கையோடு எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டேன். சப்ஜெக்ட்: ‘முடிந்தது – ஆண்டறிக்கை அச்சுக்குப் போய்விட்டது, இனி எதுவும் தேவையில்லை’. உள்ளே எதுவும் எழுதவில்லை.